ரீலில் தெரியாத வேலையைக் கடிதத்தில் எழுதுங்கள்

கேள்வி: விஸ்காம் படித்துவிட்டு விருதுநகர் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிடித்த இயக்குநர் ஒருவர், தன் அடுத்த படத்துக்கு உதவி இயக்குநர்கள் தேவை என்று அறிவித்திருக்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் ஷோரீல், சில பக்கங்கள் மாதிரித் திரைக்கதை, கூடவே ஒரு அறிமுகக் கடிதம் ஆகியவற்றை மெயிலில் அனுப்பச் சொல்கிறார்கள். ரேஷன் கடை வரிசையை வைத்து 14 நிமிடக் குறும்படம் ஒன்று இயக்கியிருக்கிறேன். ஒரு சிறு பட்ஜெட் படத்தில் ஒரே ஒரு ஷெட்யூல் கடைசி அசிஸ்டென்ட்டாக வேலை பார்த்தேன். அந்தப் படம் இன்னும் வெளிவரவில்லை. மானிட்டரிலிருந்து மொபைலில் எடுத்த சில விநாடிகளை மட்டும் ரீலில் சேர்த்திருக்கிறேன். ரீலும் ஸ்கிரிப்ட்டும் தயார், கடிதம்தான் சரியாக வரவில்லை. எழுதியதை அப்படியே கீழே தருகிறேன். திருத்திக் கொடுப்பீர்களா?

"மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, சிறு வயதிலிருந்தே சினிமாதான் என் மூச்சு. தங்கள் படங்களை நூறு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒரு வாய்ப்புக் கொடுத்தால் உயிரைக் கொடுத்து உழைப்பேன். எந்த வேலையும் செய்யத் தயார். இதுவரை யாரும் தொடாத ஒரு கதை என்னிடம் இருக்கிறது, நேரில் சந்தித்தால் சொல்கிறேன். ஷோரீலும் ஸ்கிரிப்ட்டும் இணைத்துள்ளேன். தங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கும்…"

பதில்: கடிதத்துக்கு முன்னால் ஒரு அவசர வேலை இருக்கிறது தம்பி. அந்த மானிட்டர் காட்சிகளை இன்றைக்கே ரீலிலிருந்து எடுத்துவிடுங்கள். வெளிவராத படத்தின் ஒரு ஃப்ரேம்கூட வெளியே போகக் கூடாது என்பது யூனிட்டில் கடைசி ஆளுக்கும் தெரிந்த கட்டுப்பாடு. அதை மீறி எடுத்ததை நீங்களே இன்னொரு இயக்குநருக்கு அனுப்பினால், "நாளைக்கு நம் படத்தையும் இப்படித்தான் எடுத்துக்கொண்டு போவான்" என்று முடிவு கட்டுவார்கள். மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அந்த ஷெட்யூலில் நீங்கள் செய்த வேலையைக் கடிதத்தில் இரண்டு வரியில் சொல்லலாம். அதுவே போதும்.

இனி கடிதம். இதை முதலில் படிக்கப் போவது இயக்குநர் அல்ல. கோ-டைரக்டரோ அசோசியேட்டோ ஒருவர், ஆபீஸில் டிஸ்கஷன் முடிந்த பிறகு, மொபைலில் வரிசையாகத் திறந்து பார்ப்பார். அவருக்கு வேண்டியது, வரப்போகும் ஷெட்யூலில் தன் பக்கத்தில் நின்று பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆள். கிளாப் அடிக்க, கன்டினியூட்டி பார்க்க, ஆர்ட்டிஸ்ட்டுக்கு வசனம் சொல்லிக் கொடுக்க, ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகளை நிறுத்த, ராத்திரி ரூமுக்கு வந்து மறுநாள் சீன் பேப்பரை டைப் செய்து பிரதி எடுக்க ஆள் வேண்டும். "சினிமாதான் என் மூச்சு" என்ற வரி அவருக்கு இதில் எதையும் சொல்லவில்லை. அன்றைக்கு வந்த மற்ற மெயில்களிலும் அதே மூச்சுதான் இருக்கும்.

ரீல் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்கலாம். உதவி இயக்குநரிடம் ஷோரீல் கேட்பது இங்கே புதுப் பழக்கம். ஹாலிவுட்டில் இந்த வேலைக்கு ரீல் பார்ப்பது வழக்கமில்லை, எந்தெந்தப் படத்தில் என்ன பொறுப்பில் இருந்தார் என்ற பட்டியலைத்தான் பார்ப்பார்கள். இங்கேயோ 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் என்று வரிசையாக இயக்குநர்கள் வந்த பிறகு, குறும்படம்தான் விசிட்டிங் கார்டு என்றாகிவிட்டது. அவர்கள் இயக்குநர்களாக வந்தார்கள், நீங்கள் கேட்பதோ உதவி இயக்குநர் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் உங்கள் கடிதம் நிற்கிறது.

ரீலில் தெரிவது பெரும்பாலும் ஒளிப்பதிவாளரின் வேலை, எடிட்டரின் வேலை, பின்னணி இசை. உதவி இயக்குநரின் வேலை அதில் தெரியாது, தெரியவும் கூடாது. சட்டைப் பொத்தான் மாறியிருந்தால்தான் கன்டினியூட்டி என்று ஒன்று இருப்பதே பார்ப்பவருக்கு ஞாபகம் வரும். சரியாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்படிக் கண்ணில் படாமல் போன உழைப்பைச் சொல்வதற்குத்தான் கடிதம். அதனால் உங்கள் ரீலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் நிறுத்தி, "இதை எடுக்கும்போது என்ன சிக்கல் வந்தது, நான் என்ன செய்தேன்" என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கேள்வியை நானே உங்களுக்குப் போன் செய்து கேட்டதும், கடிதத்தில் ஒரு வரிகூட வராத விஷயங்கள் கொட்டின. வாசகர்களுக்கும் சொல்கிறேன். குறும்படத்தின் ஐந்தாவது காட்சியில், ரேஷன் கடை வரிசை மழையில் கலைவதாகத்தான் ஸ்கிரிப்ட்டில் இருந்தது. மழை எஃபெக்ட்டுக்குத் தண்ணீர் லாரிக்கும் பைப்புக்கும் ஆளுக்கும் காசு வேண்டும். கையில் இல்லை. ஆகவே கைரேகை மெஷினில் சிக்னல் போய்விட, கடைக்காரர் "சர்வர் வரட்டும்" என்று கதவை ஒருக்களித்துச் சாத்துவதாக மாற்றினீர்கள். முதல் நாள், மெஷின் நிற்பது வரைக்கும் எடுத்தாயிற்று. மறுநாள் மீதியை எடுக்கப் போனால், வரிசையில் நின்றவர்களில் ஆறு பேர் வரவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு நூறு நாள் வேலை இருந்திருக்கிறது. முதல் நாள் வைடு ஷாட்டில் அத்தனை பேர் முகமும் பதிவாகிவிட்டது, புது முகங்களைச் சேர்க்க முடியாது. நீங்கள் என்ன செய்தீர்கள்? ஊரில் எல்லாரும் செய்வதைத்தான். வராதவர்கள் நின்ற இடத்தில் பையையும் கல்லையும் வைத்தீர்கள். சிக்னல் வரும் வரைக்கும் வேப்ப மர நிழலுக்குப் போயிருப்பதாகக் காட்டி, நிழலில் வந்தவர்களை மட்டும் முதுகுப் பக்கமாக உட்காரவைத்து எடுத்தீர்கள். முதல் நாள் மொபைலில் எடுத்து வைத்த ஸ்டில்களைப் பார்த்து, எந்தப் பை யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததாகவும் சொன்னீர்கள்.

இவ்வளவையும் விட்டுவிட்டு உயிரைக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள்! ஆள் வராத நாளில் ஷூட்டிங்கை நிறுத்தாமல், கன்டினியூட்டியும் கெடாமல், கதைக்குள்ளேயே வழி கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஒரு கோ-டைரக்டர் தேடுவது இந்த ஆளைத்தான். ரீலில் பார்த்தால் அது வெறும் வரிசை, பைகள், கற்கள். அழகான ஷாட் என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடுவார். ஆள் வராததால் வந்த பைகள் அவை என்று கடிதம்தான் சொல்ல முடியும்.

அடுத்தது, யார் எதைச் செய்தார் என்பது. உங்கள் ரீல் டிரோன் ஷாட்டில் தொடங்குகிறது. டிரோன் ஓட்டியது யார் என்று கேட்டேன், வாடகைக்கு வந்த பையன் என்றீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் கடிதத்தில் சொல்லாவிட்டால், பார்ப்பவர் உங்களைக் கேமராமேன் ஆசையில் வந்தவர் என்று நினைப்பார், இல்லையென்றால் அடுத்தவர் வேலைக்கு உரிமை கொண்டாடுகிறவர் என்று நினைப்பார். ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் நண்பர்களுடையவை, ஷாட் பிரித்ததும் ஆட்களைத் திரட்டியதும் கன்டினியூட்டி பார்த்ததும் நான் என்று நேராக எழுதுங்கள். பெயர் சுழன்று சுழன்று வரும் தொடக்க அனிமேஷனையும் வெட்டிவிடுங்கள், இருபது விநாடி மிச்சம். டிரோனும் போகட்டும். ஐந்தாம் காட்சியைத் தொடர்ச்சியாக ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பாட்டுக்குத் தகுந்தபடி வெட்டி ஒட்டிய ஷாட்டுகளில் எடிட்டர் தெரிவார். வெட்டாமல் ஓடும் ஒரு காட்சியில்தான் ஆட்களை நிறுத்தியவர் தெரிவார்.

மாதிரித் திரைக்கதைக்கு நீங்கள் வேறொரு முழு நீளக் கதையின் முதல் பத்துப் பக்கத்தை வைத்திருக்கிறீர்கள். அதை மாற்றச் சொல்வேன். குறும்படத்தின் நான்கு, ஐந்து, ஆறாம் காட்சிகளை மட்டும், எடுப்பதற்கு முன் எழுதிய வடிவத்தில், மழையோடு அப்படியே அனுப்புங்கள். பக்கத்தில் மழை, ரீலில் கைரேகை மெஷின். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு, எழுதியது எப்படி ஷாட்டாக மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும் என்று புரிந்துவிடும். தனியாக ஒரு ஸ்கிரிப்ட், தனியாக ஒரு ரீல் என்று அனுப்பினால் அந்தத் தொடர்பு கிடைக்காது. எந்தக் காட்சி ரீலில் எந்த நிமிடத்தில் வருகிறது என்று கடிதத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

முழு நீளக் கதையைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018-இல் 'சர்கார்' வெளிவருவதற்கு முன்னால் எழுந்த கதைப் பிரச்சினை, எழுத்தாளர் சங்கம், உயர் நீதிமன்றம் என்று போய் சமரசத்தில் முடிந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். முன்பின் தெரியாதவர் அனுப்பும் கதையைத் திறக்கவே பல ஆபீஸ்களில் தயங்குகிறார்கள். நாளைக்கு அவர்கள் படத்தில் ஏதோ ஒரு காட்சி ஒத்துப்போனால் "மெயிலில் அனுப்பினேனே" என்று ஒருவர் வந்து நிற்கலாம் என்ற பயம். "யாரும் தொடாத ஒரு கதை என்னிடம் இருக்கிறது" என்ற உங்கள் வரி அந்தப் பயத்தைத்தான் கிளப்பும். அது போக, தன் படத்துக்கு ஆள் தேடுகிறவரிடம் உங்கள் படத்துக்கு வழி கேட்பது போலவும் ஆகிவிடுகிறது. ஏற்கெனவே எடுத்து முடித்த குறும்படத்தின் பக்கங்களில் இந்தச் சிக்கல் இல்லை. அந்த முழு நீளக் கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்து வையுங்கள், அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் வேண்டாம்.

"நூறு முறை பார்த்தேன்" என்பதும் வேண்டாம். நேரில் கூப்பிட்டால், "அப்படியா, அந்த ஆஸ்பத்திரி சீனில் முதல் ஷாட் எது?" என்று யாராவது கேட்பார்கள். இயக்குநரின் வேலையைப் பற்றிச் சொல்லியே தீர வேண்டும் என்றால், ஒரே ஒரு காட்சியை, தொழில் செய்கிறவன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்க, பின்னால் பந்தி ஒவ்வொரு ஷாட்டிலும் சரியான கட்டத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பது போல. பின்னணியில் நிற்பவர்களைக் கவனிக்கிற கண் உதவி இயக்குநருக்கு உரியது. அப்படி எதுவும் உண்மையாகத் தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள், குறையொன்றும் இல்லை.

"எந்த வேலையும் செய்யத் தயார்" என்பதற்குப் பதிலாக, என்ன வேலை தெரியும் என்று எழுதுங்கள். தமிழில் வேகமாக டைப் செய்வேன் என்றீர்களே, அது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய தகுதி. டிஸ்கஷனில் இயக்குநர் சொல்லச் சொல்ல யூனிகோடில் அடித்துக் கொடுக்க ஆள் கிடைத்தால் விட மாட்டார்கள். சென்னையில் தங்க இடம் உண்டா, எப்போதிலிருந்து வர முடியும் என்ற இரண்டையும் மறக்காதீர்கள். வெளியூர்ப் பையன் என்றதும் அசோசியேட் மனதில் வருகிற முதல் கேள்வி அதுதான். சம்பளம், பேட்டா பற்றி இந்தக் கடிதத்தில் பேச வேண்டாம். கூப்பிட்டுப் பேசும்போது வெட்கப்படாமல் கேளுங்கள்.

நீங்கள் போனில் சொன்னதை வைத்தே ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன்.

"வணக்கம் சார்,

உங்கள் அடுத்த படத்துக்கு உதவி இயக்குநர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து எழுதுகிறேன்.

ரேஷன் கடை வரிசையில் நடக்கும் 14 நிமிடக் குறும்படம் ஒன்றை எழுதி இயக்கியிருக்கிறேன். ரீலில் இருப்பது அந்தப் படம் மட்டும்தான். ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் நண்பர்களுடையவை, அவர்கள் பெயர் ரீலின் கடைசியில் இருக்கிறது. ஷாட் பிரித்தது, ஊர்க்காரர்களைத் திரட்டி நடிக்கவைத்தது, கன்டினியூட்டி பார்த்தது என் வேலை.

இணைத்திருக்கும் ஐந்து பக்கமும் அதே படத்தின் காட்சிகள் 4 முதல் 6 வரை. காட்சி 5 ரீலில் 0:25-இல் தொடங்குகிறது. பக்கத்தில் மழையால் வரிசை கலைகிறது. மழைக்கு வசதியில்லாததால் கைரேகை மெஷினில் சிக்னல் போவதாக மாற்றினோம். மறுநாள் ஆறு பேர் வரவில்லை. அவர்கள் இடத்தில் பையும் கல்லும் வைத்து, ஆட்கள் நிழலுக்குப் போனதாகக் காட்டி அன்றைக்கே எடுத்து முடித்தோம்.

ஒரு திரைப்படத்தில் ஒரு ஷெட்யூல் முழுக்கக் கடைசி அசிஸ்டென்ட்டாக இருந்தேன். கிளாப்பும் காஸ்ட்யூம் கன்டினியூட்டியும் பார்த்தேன். படம் வெளிவராததால் ரீலில் சேர்க்கவில்லை. அதன் கோ-டைரக்டரிடம் என்னைப் பற்றி விசாரிக்கலாம். அவர் சம்மதத்தோடு எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

தமிழ் யூனிகோடில் வேகமாக டைப் செய்வேன். சென்னையில் தங்க இடம் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வர முடியும்.

நன்றி சார்."

கீழே உங்கள் பெயர், போன் எண், ரீலின் லிங்க், அவ்வளவுதான். மொபைலில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிடும் அளவு. இதை அப்படியே காப்பி எடுத்து அனுப்ப வேண்டாம், உங்கள் பேச்சில் திருப்பி எழுதுங்கள். போனில் நீங்கள் சொன்ன விதம் இதைவிட நன்றாகவே இருந்தது. கோ-டைரக்டரின் எண்ணைப் போடும் முன் அவரிடம் உண்மையிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காமல் போட்டால், விசாரிக்கும்போது "எந்தப் பையன்?" என்பார். இயக்குநர் பெண் என்றால் 'சார்' 'மேடம்' ஆக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அனுப்பும் விதத்தில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஸ்கிரிப்ட்டை வேர்டு ஃபைலாக அனுப்பாதீர்கள். நீங்கள் பழைய ஃபான்ட் ஒன்றில் அடித்திருக்கிறீர்கள், அது இல்லாத மொபைலில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும்தான் வரிசையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, பி.டி.எஃப். ஆக்கி, உங்கள் லேப்டாப்பில் இல்லாமல் வேறொருவர் மொபைலில் திறந்து பாருங்கள். மாற்றும்போது கொம்புகளும் துணைக்கால்களும் இடம் மாறுவது உண்டு, ஐந்து பக்கத்தையும் வரி வரியாகப் படியுங்கள். ஃபைல் பெயர் `final_new_2.pdf` என்று இருந்தால் டவுன்லோடு செய்தவர் பிறகு தேடிக் கண்டுபிடிக்க மாட்டார். உங்கள் பெயரையும் `AD_Script` என்பதையும் சேர்த்து வையுங்கள்.

ரீல் விஷயத்தில் அடிக்கடி நடப்பது, டிரைவ் லிங்க் திறக்காமல் அனுமதி கேட்பது. அனுமதி கேட்டு, நீங்கள் கொடுக்கும் வரைக்கும் யாரும் காத்திருக்க மாட்டார்கள், அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்கள். `Anyone with the link` என்று மாற்றியிருக்கிறீர்களா என்று பார்த்து, உங்கள் கணக்கில் நுழையாத ஒரு போனில் திறந்து சோதியுங்கள். யூடியூபில் `Unlisted` என்று வைத்தால் இந்தத் தொல்லை குறைவு. மெயிலின் தலைப்பில் "உதவி இயக்குநர் விண்ணப்பம்", உங்கள் பெயர், "ரீல் 1:35 நிமிடம், ஸ்கிரிப்ட் 5 பக்கம்" என்று போடுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தால் திறக்கிற கை கொஞ்சம் சீக்கிரம் திறக்கும்.

அனுப்பிய பிறகு இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் மெயில் போடலாம். இயக்குநரின் சொந்த எண் எங்கிருந்தோ கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் போட ஆரம்பிக்காதீர்கள். கூப்பிட்டால், அந்த ஐந்து பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். காட்சி 5-ஐக் காட்டி, "இதையே அரை நாளில் எடுக்கணும், மழையும் வேணும், என்ன பண்ணுவே?" என்று கேட்க வாய்ப்பிருக்கிறது. எந்த ஷாட்டில் மழை கட்டாயம் தெரிய வேண்டும், எதில் நனைந்த சட்டையும் சத்தமும் போதும் என்று ஊரிலேயே பிரித்து எழுதி வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள்.